புயல் வரும்போது விளம்பர வீடியோவை எப்போது நிறுத்துவது, எப்போது திரும்ப விடுவது

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்துக் கடலில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். கரண்ட் இல்லை, பல தெருக்களில் செல்போன் சிக்னலும் இல்லை. இப்படி ஒரு நாளில், போன வாரமே நேரம் குறித்து ஏற்றி வைத்த விளம்பர வீடியோ என்ன ஆகும்? குறித்த நேரத்துக்குச் சரியாக வெளியாகும். அதை வெளியிடும் சர்வர் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது. நிறுத்தத் தெரிந்த ஆள்தான் சென்னையில் சார்ஜ் இல்லாத போனோடு உட்கார்ந்திருப்பார்.

பேரிடர் நேரத்து விளம்பரம் என்றாலே “எது மனதைப் புண்படுத்தும், எது புண்படுத்தாது” என்ற விவாதத்துக்குத்தான் எல்லோரும் போகிறோம். அது தேவைதான். ஆனால் தவறான வீடியோக்கள் வெளியாவதற்குப் பெரும்பாலும் காரணம் யாருடைய கல் மனமும் இல்லை. நிறுத்த வேண்டியவரிடம் அந்த நேரத்தில் கரண்டோ, நெட்டோ, பாஸ்வேர்டோ, முடிவெடுக்கும் உரிமையோ இல்லாததுதான் காரணம். புயலைப் பொறுத்தவரை நிறுத்தும் முடிவை மழை கொட்டும்போது எடுக்க முடியாது. அதற்கு முந்தைய நாளே எடுத்துவிட வேண்டும்.

நல்ல வேளையாக, புயல் சொல்லாமல் வருவதில்லை. மிக்ஜாமைப் பற்றி வானிலை ஆய்வு மையம் நாட்கணக்கில் முன்பே சொல்லிக்கொண்டிருந்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் டிசம்பர் 4 பொது விடுமுறை என்று அரசு முன்கூட்டியே அறிவித்தது. விளம்பரத்தை நிறுத்த எந்த அறிகுறியைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டால், நான் இந்த அறிவிப்பைத்தான் சொல்வேன். பள்ளிகளுக்கு மட்டும் விடுகிற மழை விடுமுறை போதாது; அது ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி வரும், பல நாள் மதியத்துக்குள் வெயிலே அடித்துவிடும். அலுவலகங்களுக்கும் சேர்த்துப் பொது விடுமுறை விட்டாலோ, சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ, அந்த மாவட்டங்களில் எல்லா விளம்பரமும் நிற்கும் என்று பருவமழை தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடலாம். அப்போது “இன்னும் கொஞ்சம் பார்ப்போமே” என்று யாரும் இழுக்க இடமிருக்காது. பயந்தபடி புயல் வரவில்லை என்றால் ஒன்றிரண்டு நாள் விளம்பரம் போகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, எல்லாக் கணக்குகளையும் திறக்கும் உரிமை உள்ள ஒருவராவது வேறு ஊரில் இருக்க வேண்டும். சென்னை நிறுவனம் என்றால் கோவையிலோ மதுரையிலோ ஒருவர். உள்நுழையும்போது கேட்கும் ஓ.டி.பி. சென்னையில் சிக்னல் இல்லாமல் கிடக்கும் முதலாளியின் போனுக்குப் போகும்படி வைத்திருந்தால், அந்த ஆள் இருந்தும் பயனில்லை. இதையும் முன்பே ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

எத்தனை குழாய்களை மூட வேண்டும்

“நிறுத்திட்டோம்” என்று சொன்ன பிறகும் விளம்பரம் ஓடிக்கொண்டே இருப்பது சகஜம். ஒரே வீடியோ பல வழியாக வெளியே போகிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாய் என்பதை மறந்துவிடுகிறோம்.

யூடியூபில் நேரம் குறித்து ஏற்றிய வீடியோ அந்த நேரம் வரும்வரை யார் கண்ணிலும் படாது. யூடியூப் ஸ்டுடியோவில் அதன் Visibility பகுதிக்குப் போய் Schedule என்பதை Private என்று மாற்றினால் போதும், வெளியாகாது. ஆனால் அதையே, குறித்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் பார்க்கும் பிரீமியராகப் போட்டிருந்தால் கதை வேறு. பிரீமியரின் பக்கம் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும், கவுண்ட்டவுனும் ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தனியே திறந்து, தேதியைத் தள்ளிவைக்க வேண்டும். வெளியாகி பத்து நிமிடம் கழித்து விழித்துக்கொண்டு Private ஆக்கினால், சந்தாதாரர்களின் போனில் மணி அடித்தது அடித்ததுதான்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் இன்னொரு சிக்கல். பக்கத்தில் வெளியிடுவதற்காக வரிசையில் வைத்திருக்கும் பதிவுகள் ஓரிடத்தில் இருக்கும். காசு கட்டி ஓடும் விளம்பரங்கள் ஆட்ஸ் மேனேஜரில் தனியாக இருக்கும். பதிவுகளைப் பார்க்கிறவர் அலுவலகத்தில், காசு விளம்பரத்தைப் பார்க்கிறவர் வெளி ஏஜென்சியில் என்பதுதான் பல இடங்களில் நடைமுறை. முதலாமவர் “நிறுத்திட்டேன் சார்” என்று சொல்வது உண்மைதான். ஆனால் மூன்று நாளாக ஓடும் காசு விளம்பரத்தை அவரால் தொடக்கூட முடியாது. தண்ணீரில் நிற்கும் வீட்டிலிருந்து ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அந்த விளம்பரத்தைத்தான்.

டிவியில் நேரம் வாங்கியிருந்தால் அவசரம் இன்னும் அதிகம். மறுநாள் எந்த விளம்பரம் எந்த இடைவேளையில் என்ற பட்டியல் முந்தைய நாளே முடிவாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சேனலில் யாரைப் பிடிப்பது என்று அப்போது தேடக்கூடாது. விளம்பர நேரத்தை உறுதி செய்யும் ரிலீஸ் ஆர்டர் போடும்போதே அவருடைய போன் எண்ணை வாங்கி வைத்திருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு தங்கள் பக்கத்தில் வீடியோ போடும் இன்ஸ்டா பிரபலங்களையும் மறக்கக்கூடாது. அவர்களும் தங்கள் போனில் நேரம் குறித்து வைத்திருப்பார்கள். அப்புறம் வாட்ஸ்அப் பட்டியல், கடை ஆப் அனுப்பும் நோட்டிஃபிகேஷன், பக்கத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் “மெகா சேல்” கவர் படம்.

பொதுவாக எல்லாவற்றையும் அணைக்க வேண்டிய அவசியமில்லை. சென்னையில் புயல் என்றால் சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களை மட்டும் விலக்கிவிட்டு, கோவைக்கும் சேலத்துக்கும் காசு விளம்பரத்தை ஓடவிட கூகுள், மெட்டா இரண்டிலும் வழி இருக்கிறது. ஆனால் பக்கத்தில் போடும் சாதாரணப் பதிவை அப்படி ஊர்வாரியாகப் பிரிக்க முடியும் என்று நம்பக்கூடாது. அதை யாரும் எங்கிருந்தும் பார்க்கலாம், பகிரலாம். சென்னையில் தண்ணீரில் மாட்டிக்கொண்டவரின் அக்கா கோவையில் இருக்கலாம். அதனால் பதிவுகளை முழுதாக நிறுத்துவது, காசு விளம்பரத்தை ஊர் பார்த்து நிறுத்துவது என்று பிரித்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஊர் மட்டுமல்ல, விளம்பரம் எதற்கு முன்னால் வருகிறது என்பதும் முக்கியம். கோவைக்காரர் வெள்ளச் செய்தி வீடியோவைத் திறக்கும்போது அதன் முன்னால் உங்கள் பண்டிகைப் பாட்டு வந்தால் ஊரைப் பிரித்ததில் பிரயோஜனம் இல்லை. அந்த நாட்களில் செய்திச் சேனல்களை விளம்பரம் வரும் இடங்களின் பட்டியலிலிருந்து விலக்கிவிடலாம்.

ஒரு கடையின் நான்கு வீடியோக்கள்

ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான், தேதிகளும் மழையும் நிஜம். வேளச்சேரி, தாம்பரம், கோவை, தூத்துக்குடி ஆகிய ஊர்களில் கிளைகள். 2023 டிசம்பருக்கு நான்கு வீடியோக்கள் தயார். முதலாவது வாஷிங் மெஷின் விளம்பரம்: பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் தேங்கிய மழைத் தண்ணீரில் குதித்து ஆடுகிறார்கள், அம்மா சிரிக்கிறாள். இரண்டாவது, “டிசம்பர் 31 வரை மட்டுமே, ஆஃபர் மழை!” என்று அலறும் ஆண்டு இறுதித் தள்ளுபடி. மூன்றாவது, ஃபிரிட்ஜைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்ற இரண்டு நிமிடக் குறிப்பு. நான்காவது, கிறிஸ்துமஸ் வாழ்த்து.

டிசம்பர் 3 ஞாயிறு அன்றே நான்கும் வரிசையிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். அதன் பிறகு நிதானமாக ஒவ்வொன்றையும் பார்க்கலாம். பார்க்கும்போது ஒரு தடவை சத்தத்தோடும், ஒரு தடவை சத்தமில்லாமலும் பார்க்கச் சொல்வேன். ஃபோனில் பலரும் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள், அப்போது படமும் எழுத்தும் மட்டும்தான் பேசும்.

முதல் வீடியோவை ஒட்டு வேலை செய்து காப்பாற்ற முடியாது. அதன் உயிரே அந்தத் தண்ணீர்க் காட்சிதான். கழிவுநீர் கலந்த தண்ணீர் முழங்காலுக்கு மேல் நிற்கும் ஊரில் அதே காட்சி வேறு பொருள் தரும். அந்தப் பருவம் முழுவதும் அது பெட்டியிலேயே இருக்கட்டும், அடுத்த ஆண்டு ஆடியில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவதில் விஷயம் வேறு. தள்ளுபடி தப்பில்லை, வார்த்தைதான் தப்பு. நம் விளம்பரத் தமிழில் மழையும் புயலும் சுனாமியும் தாராளமாகப் புழங்குகின்றன: பரிசு மழை, புயல் வேக டெலிவரி, சலுகை வெள்ளம். குரலிலும் திரையெழுத்திலும் அதை மாற்றினால் போதும். ஆனால் தேதியையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பத்து நாள் நிறுத்தி வைத்த பிறகு “31 வரை மட்டுமே” என்று அவசரப்படுத்தினால், சம்பளமும் சாமானும் தண்ணீரில் போனவரை ஓடி வா என்று கூப்பிடுவதாக இருக்கும். தள்ளுபடியைப் பொங்கல் வரை நீட்டிவிட்டு அதைச் சொல்லலாம். இதற்காகவே, படப்பிடிப்பு முடிந்ததும் தேதி, விலை, குரல் எதுவும் இல்லாத வெறும் படப் பிரதி ஒன்றை எடிட்டரிடம் வாங்கி வைக்க வேண்டும். அது இருந்தால் அரை நாள் வேலை. இல்லையென்றால் எடிட்டர் வீட்டில் கரண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வீடியோதான் சுவாரஸ்யமானது. பழைய வடிவத்தில் அது யாருக்கும் வேண்டாம். ஆனால் அதே ஆளை வைத்துப் போனிலேயே புதிதாக ஒரு நிமிடம் எடுக்கலாம்: தண்ணீர் ஏறிய ஃபிரிட்ஜையும் மிஷினையும் காய்ந்துவிட்டதென்று நினைத்து பிளக்கில் சொருகாதீர்கள், மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனோ மெக்கானிக்கோ பார்த்த பிறகு போடுங்கள், எங்கள் சர்வீஸ் ஆட்கள் எந்தெந்தத் தெருவுக்கு எந்த நாளில் வருகிறார்கள், கட்டணம் எவ்வளவு. தண்ணீர் வடியும் நாட்களில் மக்கள் உண்மையில் தேடுவது இதைத்தான். ஒரே ஒரு நிபந்தனை, சொன்ன நாளில் ஆள் போக வேண்டும். அனுப்ப ஆளில்லை என்றால் இந்த வீடியோவையும் போடக்கூடாது. இதன் கடைசியில் “புது ஃபிரிட்ஜுக்கு 20 சதவீதம் தள்ளுபடி” என்று ஒட்டினால் முன்பு சொன்ன அத்தனையும் வீண்.

நான்காவது, வாழ்த்து. பண்டிகையை ரத்து செய்ய நாம் யார்? வாழ்த்து போகலாம். வெடிச் சத்தமும் ஆட்டமும் இருந்தால் அதை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

இரங்கல் அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கறுப்புப் பின்னணி, ஒரு விளக்கு, கீழே கடை லோகோவும் நான்கு கிளைகளின் போன் நம்பரும். தயவுசெய்து வேண்டாம். கடையில் வேலை செய்கிறவர்கள் பாதிக்கப்பட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதிலும், அரிசி பால் வாங்கிக் கொடுப்பதிலும் அந்த நேரத்தைச் செலவிடலாம். அப்படிக் கொடுப்பதையும் வாங்குகிறவர் முகம் தெரியும்படி படம் எடுத்துப் போட வேண்டாம். அவர் நம் விளம்பரத்தில் நடிக்கச் சம்மதித்தவர் இல்லை.

திரும்ப விடும் நாள்

நிறுத்துவதைவிட இது கடினம். புயல் டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டது. செய்திகளும் மெல்ல வேறு விஷயத்துக்குப் போய்விடும். ஆனால் “புயல் கடந்தது” என்பது சென்னைப் புறநகருக்கு ஒரு பொருட்டே இல்லை. மழை நின்ற பிறகும் பல பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அதனால் தேதியைப் பார்க்காமல் அன்றாடம் திரும்பியதா என்று பார்க்க வேண்டும். கரண்ட் வந்ததா, பால் வழக்கமான விலைக்குக் கிடைக்கிறதா, பஸ் ஓடுகிறதா, பள்ளி திறந்ததா? இவற்றில் பள்ளி திறப்பது நல்ல அளவுகோல். மைதானத்தில் தண்ணீர் இல்லை, கழிப்பறை வேலை செய்கிறது, பிள்ளையை அனுப்ப வீட்டில் துவைத்த சீருடை இருக்கிறது என்று பல விஷயங்கள் அதற்குள் அடங்கிவிடுகின்றன. சென்னையில் பள்ளிகள் டிசம்பர் 11 திங்கட்கிழமைதான் திறந்தன. அதோடு கடையின் வேளச்சேரி கிளையில் இருப்பவரிடம் கேட்டால் போதும், “கடைக்கு வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்?” என்று. பழுது பார்ப்பதைப் பற்றியே கேட்டால் இன்னும் பொறுக்கலாம். விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் விளம்பரம் போகலாம்.

திரும்ப விடும்போதும் எல்லாவற்றையும் ஒரே காலையில் திறக்கக்கூடாது. முதலில் சாதாரணப் பதிவு ஒன்று, சத்தமில்லாத ஒன்று. ஒரு நாள் கமெண்ட்டுகளை ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும். “இங்க இன்னும் தண்ணி வடியல, உங்களுக்கு வியாபாரமா?” என்று நாலைந்து பேர் எழுதினால் அவர்கள் எந்தப் பகுதி என்று பார்த்து, அந்தப் பகுதியைக் காசு விளம்பரத்திலிருந்து இன்னும் சில நாள் விலக்கி வைக்கலாம். ஏஜென்சியில் ஒரு முணுமுணுப்பு வரும்: மெட்டாவில் ஏழு நாளுக்கு மேல் நிறுத்தி வைத்த விளம்பரம் திரும்பத் தொடங்கும்போது யாருக்குக் காட்டுவது என்பதை மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ளும், சில நாள் செலவு கூடும். உண்மைதான். ஆனால் அந்தச் செலவை மிச்சம்பிடிக்க ஆறாவது நாளே திறப்பது தப்புக் கணக்கு.

சரி, டிசம்பர் 12, 13 வாக்கில் நம் கடை சென்னையில் மெல்ல விளம்பரத்தைத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் வழங்குவதை முதல்வர் வேளச்சேரியில் தொடங்கிவைத்தார். அதே நாளில் தெற்கே மழை பிடித்தது. மறுநாள் காலைவரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளம், ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றது, தூத்துக்குடி துண்டிக்கப்பட்டது. சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்போதுதான் இரண்டு வாரத்துக்குப் பிறகு மூச்சு வந்திருக்கும். ஆண்டு இறுதி விற்பனை ஏற்கெனவே பாதி போய்விட்டது. இன்னொரு தடவை நிறுத்தக் கை வராது. அதனால்தான் முன்பு சொன்ன விதி எழுத்தில் இருக்க வேண்டும், அதில் “சென்னை” என்று எழுதாமல் “பாதிக்கப்பட்ட மாவட்டம்” என்று எழுத வேண்டும். தலைநகரில் வெள்ளம் என்றால் நிற்கும் விளம்பரம் தூத்துக்குடி வெள்ளத்துக்கு நிற்கவில்லை என்றால், தூத்துக்குடிக்காரர்கள் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால்?

பயந்துபோய் மொத்தமாக மூடிவிடுவதும் தீர்வில்லை என்பதற்கு ஜப்பான் உதாரணம். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு அங்கே நிறுவனங்கள் வரிசையாக டிவி விளம்பரங்களைத் திரும்பப் பெற்றன. வாங்கிய நேரம் காலியாகக் கிடந்ததால், ஏ.சி. ஜப்பான் என்ற பொதுநல விளம்பர அமைப்பின் சில படங்களைச் சேனல்கள் திரும்பத் திரும்பப் போட்டன. வணக்கம் சொல்லிப் பழகுங்கள் என்பது போன்ற இதமான படங்கள்தான். ஆனால் செய்திகளுக்கு நடுவே நாள் முழுக்க அவையே வந்ததால் பார்த்தவர்களுக்கு எரிச்சல் தாங்கவில்லை. புகார்கள் குவிந்து, அந்த அமைப்பு மன்னிப்புக் கேட்டது. படத்தின் முடிவில் வரும் தன் பெயரொலியையும் எடுத்துவிட்டது. நம் டிவி நேரத்தை நிறுத்தச் சொல்லும்போது, அந்த இடத்தில் என்ன வரும் என்றும் கேட்க வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அதே வாரத்தில் நடந்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. கியூஷு தீவில் புல்லட் ரயில் பாதை முழுதாகத் திறக்க வேண்டிய நாள் மார்ச் 12. அதற்காக, பிப்ரவரியில் வானவில் நிறம் பூசிய ரயில் ஒன்றை ஓட்டி, பாதை நெடுகக் கூடிநின்று கையசைத்த ஆயிரக்கணக்கான மக்களை ரயிலிலிருந்தே படம்பிடித்து ஒரு விளம்பரம் செய்திருந்தார்கள். நிலநடுக்கம் வந்ததும் அது டிவியிலிருந்து நிறுத்தப்பட்டது, திறப்பு விழாவும் ரத்தானது. ஆனால் யூடியூபில் இருந்த அந்த விளம்பரத்தை மக்கள் தாங்களாகவே தேடிப் பார்த்தார்கள், மனசுக்குத் தெம்பாக இருக்கிறது என்று பகிர்ந்தார்கள். அந்த ஆண்டு கான் விளம்பர விழாவில் அதற்குப் பரிசும் கிடைத்தது. டிவியில் நிறுத்தியதும் சரி, யூடியூபில் இருந்ததும் சரி. செய்தி பார்த்துக்கொண்டிருப்பவர் முன்னால் போய் நிற்பது வேறு, ஒருவர் தேடி வந்து பார்ப்பது வேறு. அதனால்தான் ஏற்கெனவே வெளியான வீடியோக்களை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம் என்கிறேன். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் காசை நிறுத்தினால் போதும்.

மனிதர்களால் நேரும் துயரம்

விபத்து, நெரிசல் போன்றவற்றுக்கு வானிலை அறிக்கை கிடையாது. 2025 செப்டம்பர் 27 சனிக்கிழமை இரவு கரூரில் அரசியல் பரப்புரைக் கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் இறந்தார்கள். சரஸ்வதி பூஜையும் தீபாவளியும் அடுத்தடுத்து வர, கடைகளின் விளம்பரம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. இத்தகைய இரவில் முதலில் வரும் எண்ணிக்கை கடைசி எண்ணிக்கையாக இருப்பதில்லை. உறுதியான முதல் செய்தி வந்ததும் நிறுத்திவிட்டு, பிறகு காலையில் பேசலாம். மூத்தவர் யாரும் போனை எடுக்கவில்லை என்றாலும் நிறுத்தும் அதிகாரம் பணியில் இருக்கும் இளையவருக்கு இருக்க வேண்டும். திரும்ப விடும் அதிகாரம்தான் மூத்தவருடையது.

வெள்ளத்தைப் போல இதற்கு வடியும் தண்ணீர் இல்லை. துக்கத்தோடு யார் பொறுப்பு என்ற கோபமும் சேர்ந்து வாரக்கணக்கில் நீளும். அத்தனை நாளும் தீபாவளி வியாபாரத்தை நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்வதும் நியாயமில்லை. தீபாவளியை நம்பித்தான் சிறு கடைக்காரரின் அந்த ஆண்டே ஓடுகிறது. இங்கே நாள் கணக்கைவிட வீடியோவின் உள்ளே இருப்பதுதான் முடிவு செய்யும். இறுதிச் சடங்குகள் முடியும்வரை சில நாள் மொத்தமாக அமைதி. அதன் பிறகு புடவை, பட்டாசு, இனிப்பு எல்லாம் போகலாம். ஆனால் “கூட்டம் அலைமோதுகிறது, முந்துங்கள்” என்று ஷட்டர் திறந்ததும் ஜனங்கள் முட்டிமோதி உள்ளே ஓடும் காட்சியை அந்தத் தீபாவளிக்கு எந்த ஊரிலும் போட்டிருக்கக் கூடாது. கூட்டத்தைக் காட்டுவதே பெருமை என்று நினைக்கும் திறப்பு விழா வீடியோக்களுக்கும் இதே கதிதான். அந்தக் காட்சியை வெட்டிவிட்டு, கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும், எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று எழுத்தில் சொல்லலாம். எடிட்டிங்கில் அரை மணி நேர வேலைதான்.